லாரி ஏன் நிக்குது மக்கா?

மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை பக்கத்துல இருந்து காலேஜுக்கு பஸ் ஏறுற ஆளா நீங்க? அப்படின்னா இந்த சீனை நூறு தடவையாவது பார்த்திருப்பீங்க. ரோட்டோரமா ஒரு ரப்பர் குடோன். வாசல்ல ஒரு லாரி. டிரைவர் ஸ்டியரிங் மேல கால் போட்டுத் தூங்குறார். நாலு லோடுமேன்கள் திண்ணையில உட்கார்ந்து டீ குடிக்கிறாங்க. உள்ளே மட்டும் ஒரே பரபரப்பு. ஒருத்தர் ஷீட்டைத் தூக்கிட்டு ஓடுறார், ஒருத்தர் நோட்டுல எழுதுறார், முதலாளி அண்ணாச்சி ஃபோன்ல கத்துறார். சாயங்காலம் நீங்க திரும்பி வரும்போது லாரி போயிருக்கும். "இன்னைக்கு நல்ல வேலை"ன்னு எல்லாரும் வேர்வையைத் துடைச்சுக்கிட்டிருப்பாங்க.

நல்ல வேலைதானா? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போறோம். எம்.பி.ஏ. கிளாஸ்லயும் மெக்கானிக்கல் கிளாஸ்லயும் 'லீன்', 'செவன் வேஸ்ட்ஸ்'னு போர்டுல எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்வாங்க இல்லையா, அந்த மேட்டரை நம்ம ஊர் குடோனுக்குள்ள கூட்டிட்டுப் போவோம்.

சாக்பீஸ் வட்டம்

இந்தக் கதையோட ஹீரோ டாயிச்சி ஓனோ. டொயோட்டா கம்பெனியோட என்ஜினீயர். 1912ல பிறந்து 1990ல இறந்தவர். ஃபேக்டரியில காசை விழுங்குற வேஸ்டை ஏழா பிரிச்சவர் இவர்தான். 'லீன்'ங்கிற பேரு பிறகு வந்தது. 1988ல ஜான் கிராஃப்சிக்னு ஒரு அமெரிக்கர் வெச்ச பேரு அது.

ஓனோவுக்கு ஒரு வினோதப் பழக்கம். புது என்ஜினீயரை ஃபேக்டரிக்குள்ள கூட்டிட்டுப் போவார். தரையில சாக்பீஸால ஒரு வட்டம் போடுவார். "இதுக்குள்ள நின்னு பாரு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார். மணிக்கணக்கா நிக்கணும். வேலை செய்யக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, பார்க்க மட்டும் செய்யணும். அப்போதான் எது வேலை, எது வேலை மாதிரி தெரியுறதுன்னு கண்ணுக்குப் பிடிபடும்.

ஏழு வேஸ்டையும் ஒரு மூச்சுல சொல்லிடலாம். சரக்கைத் தேவையில்லாம இடம் மாத்துறது, தேவைக்கு மேல ஸ்டாக் வெச்சிருக்கிறது, ஆள் தேவையில்லாம நடக்கிறது, குனியறது, தேடுறது, காத்திருக்கிறது, யாரும் கேட்காம முன்கூட்டியே செஞ்சு குவிக்கிறது, கேட்டதைவிட அதிகமா மெனக்கெடுறது, தப்பா செஞ்சு மறுபடி செய்றது. அவ்வளவுதான். நாம இதுல மூணை மட்டும் நிதானமா பார்ப்போம்: காத்திருப்பு, நடை, அதிக மெனக்கெடல். மத்தது தானா வந்து ஒட்டிக்கும், பாருங்க.

முதல்ல ஷீட்டைத் தெரிஞ்சுக்குவோம்

ரப்பர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிஞ்ச கதை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஃப்ரெண்ட்ஸுக்காகச் சுருக்கமா சொல்றேன். காலையில மரத்துல பால் வெட்டி எடுப்பாங்க. பாலில் ஆசிட் சேர்த்து உறைய வெச்சு, ரோலர்ல குடுத்து ஷீட்டா அடிப்பாங்க. அப்புறம் புகைக்கூடத்துல சுமார் 4 நாள் தொங்கும். வெள்ளையா உள்ளே போன ஷீட், தேன் கலர்ல, வெளிச்சம் ஊடுருவுற மாதிரி வெளியே வரும். இதுக்கு ஆர்.எஸ்.எஸ். ஷீட்னு பேர். அரசியல் இல்லீங்க, 'ரிப்டு ஸ்மோக்டு ஷீட்'! இதுல 1 எக்ஸ் தொடங்கி 5 வரைக்கும் தரம் இருக்கு. தரம் பார்க்க மெஷின் கிடையாது, கண்ணுதான். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு, குமிழ் இருக்கா, மரத்தூள் ஒட்டியிருக்கா, பூசணம் பிடிச்சிருக்கா, நடுவுல வெள்ளையா ஈரம் நிக்குதான்னு பார்த்துச் சொல்லணும்.

இங்கேயே ஒரு கேள்வி. புகைக்கூடத்துல 4 நாள் தொங்குதே, அது காத்திருப்பு வேஸ்டா? இல்லவே இல்ல! ஏன்னா அந்த 4 நாளும் ஷீட் மாறிக்கிட்டே இருக்கு. ஈரம் போகுது, பூசணத்தை எதிர்க்கிற சக்தி ஏறுது. வாங்குறவர் காசு குடுக்கிறதே அந்த மாற்றத்துக்குத்தான். இதுதான் டெஸ்ட். சரக்கு சும்மா நிக்கும்போது அதுல ஏதாவது மாறுதா? மாறினா அது வேலை. மாறலைன்னா வேஸ்ட்.

ஒரு லாரி, நாலரை மணி நேரம்

இப்போ கணக்குக்காக நாமே ஒரு குடோன் கட்டுவோம். இது எந்தக் கடையையும் குறிக்கிறது இல்ல, எண்களும் நாம வெச்ச எண்கள்தான். வாரத்துக்கு ஒரு லாரி வருது. ஒரு லோடு 5 டன். அதாவது 50 கிலோ கட்டு 100. குடோனுக்குள்ள எப்பவும் 15 டன் ஸ்டாக் அடுக்கியிருக்கு.

வாட்ச்சைப் பாருங்க. லாரி வந்தது காலை 9 மணி. லோடுமேன்கள் வந்தது 9.30, அவங்களுக்கு யாரும் நேரம் சொல்லலை. 9.30ல இருந்து 11.40 வரைக்கும் உள்ளே அடுக்கைப் பிரிக்கிறாங்க, ஷீட்டை மறுபடி தரம் பார்க்கிறாங்க, பூசணம் பிடிச்சதை ஒதுக்கித் துடைக்கிறாங்க, கட்டு கட்டுறாங்க. 11.40ல ஏத்த ஆரம்பிச்சு 12.50க்கு ஏத்தி முடிச்சாச்சு. அப்புறம் நோட்டைப் பார்த்துக் கூட்டி, கம்ப்யூட்டர்ல அடிச்சு, இ-வே பில் எடுத்து முடிக்க 1.30.

மொத்தம் 270 நிமிஷம். லாரியில சரக்கு ஏறின நேரம் எவ்வளவு? 70 நிமிஷம். மீதி 200 நிமிஷம் லாரி சும்மா நின்னிருக்கு. நாலு பங்குல ஒரு பங்குதான் வேலை, மூணு பங்கு வெயிட்டிங்!

சரி, அந்த 200 நிமிஷத்துக்கு யார் காசு குடுக்கிறது? அண்ணாச்சியா? இல்ல. லோடுமேனுக்குக் கூலி கட்டுக்கு இவ்வளவுன்னுதான் பேச்சு. அவர் திண்ணையில உட்கார்ந்த ரெண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. அந்த நேரத்துல இன்னொரு லோடு ஏத்தியிருக்கலாம். டிரைவருக்கும் அதே கதை, ஒரு டிரிப் போச்சு. இருபது ஷீட்டை பைக்ல கட்டிக் கொண்டு வந்த சின்ன விவசாயி, "லாரி வேலை முடியட்டும், அப்புறம் எடை போடுறேன்"னு சொன்னதைக் கேட்டு மதியம் வரைக்கும் நிக்கிறார். யாரோட பாக்கெட்டோ காலியாகுது, அண்ணாச்சி நோட்டுல ஒரு வரிகூட ஏறலை. ஸோ, அவர் கண்ணுக்கு இந்த வேஸ்ட் தெரியவே தெரியாது. காத்திருப்பு வருஷக்கணக்கா தீராம இருக்கிறதுக்கு இதுதான் காரணம். காத்திருக்கிறவரும் கணக்கு எழுதுறவரும் வேற வேற ஆள்!

சென்னைக்கு நடந்தே போன ஆள்

அடுத்தது நடை. வாசல்ல இறங்குற ஷீட்டை எடை போடணும். தராசு எங்கே இருக்கு? குடோனோட மறு கோடியில, வாசல்ல இருந்து 15 மீட்டர். ஒரு நாளைக்கு 80 தடவை தராசுக்குப் போய் வரணும்னு வெச்சுக்குவோம். போக 15, வர 15, மொத்தம் 30 மீட்டர். 80 தடவைக்கு 2,400 மீட்டர். வருஷத்துக்கு 300 நாள்னா 720 கிலோமீட்டர். நாகர்கோவில்ல இருந்து சென்னை வரைக்கும் ஒரு மனுஷன் நடந்தே போயிட்டார், குடோனை விட்டு வெளியே வராமலே!

பரீட்சையில எல்லாரும் கோட்டை விடுற இடம் இதுதான், நல்லா கேட்டுக்கோங்க. ஷீட்டைத் தூக்கிக்கிட்டுப் போனாரே அந்த 15 மீட்டர், அது 'டிரான்ஸ்போர்ட்'. அங்கே நகர்ந்தது சரக்கு. வெறுங்கையோட திரும்பி வந்தாரே அந்த 15 மீட்டர், அது 'மோஷன்'. அங்கே நகர்ந்தது ஆள் மட்டும்தான். ஏன் பிரிக்கணும்? ரெண்டுக்கும் மருந்து வேற. தள்ளுவண்டி வாங்கினா டிரான்ஸ்போர்ட் சுலபமாகும், ஆனா மோஷன் குறையாது. வண்டியைத் தள்ளிக்கிட்டு அதே தூரம் நடக்கத்தானே வேணும்? தராசை வாசலுக்குக் கொண்டு வந்தா ரெண்டும் சேர்ந்து போயிடும்.

நடை மட்டும் மோஷன் இல்ல. கட்டு கட்டக் கயிறு எங்கேன்னு தேடுறது மோஷன். கத்தி எங்கேன்னு கேட்கிறது மோஷன். தரையில கிடக்கிற ஷீட்டை ஒவ்வொண்ணா குனிஞ்சு எடுத்து, நிமிர்ந்து வெளிச்சத்துல பார்த்து, மறுபடி குனிஞ்சு வைக்கிறது பெரிய மோஷன். ஒரு பழைய மரப்பெஞ்சைப் போட்டு இடுப்பு உயரத்துக்கு ஷீட்டை வெச்சாலே பாதி குனியல் போயிடும். நாற்பது வயசுல இடுப்பு வலின்னு படுக்கிறாரே, அந்த மனுஷனுக்குத்தான் அந்தப் பெஞ்சோட அருமை தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ஜாலியான வழி இருக்கு. குடோன் பிளானை ஒரு பேப்பர்ல வரையுங்க. ஒரு ஆள் ஒரு மணி நேரம் எங்கெங்கே போறார்னு பேனாவை எடுக்காம கோடு இழுத்துக்கிட்டே இருங்க. வெளிநாட்டுல இதுக்கு 'ஸ்பெகட்டி படம்'னு பேர். நம்ம ஊருக்கு 'இடியாப்பப் படம்'னு வெச்சுக்கலாம். கோடு எங்கே சிக்கலோ சிக்கலா கிடக்குதோ, அங்கேதான் கால் வலிக்குது.

மூணு தடவை தரம் பார்த்தா தரம் கூடுமா?

மூணாவது, அதிக மெனக்கெடல். கிளாஸ்ல 'ஓவர் பிராசஸிங்'. வாங்குறவர் கேட்காததை, அவர் காசு குடுக்காததை, நாம மெனக்கெட்டுச் செய்றது.

நம்ம குடோன்ல ஒரு ஷீட்டோட ஜாதகத்தைப் பாருங்க. விவசாயி கொண்டு வந்ததும் ஒரு தடவை தரம் பார்க்கிறாங்க, சரி, விலை பேசணுமே. அடுக்கும்போது ரெண்டாவது தடவை பார்த்து 3, 4, 5னு தனித்தனியா பிரிக்கிறாங்க. லாரி வந்த அன்னைக்கு மூணாவது தடவை பார்க்கிறாங்க. நம்ம கதையில வாங்குற பார்ட்டி 3, 4 ரெண்டையும் கலந்து 4ஆம் தர விலைக்குத்தான் எடுக்கிறார். அப்படின்னா 3ஐத் தனியா, 4ஐத் தனியா பிரிச்ச வேலைக்கு யார் காசு குடுத்தாங்க? யாருமில்ல. பிரிச்சு அடுக்கி, திரும்பக் கலந்து கட்டி அனுப்பியாச்சு.

எடையும் அப்படித்தான். முதல்ல துண்டுச் சீட்டு, அப்புறம் நோட்டு, அப்புறம் கம்ப்யூட்டர். ஒரே எண்ணை மூணு தடவை எழுதினா மூணு தடவை தப்பு வர வாய்ப்பு. 1.30 வரைக்கும் பில் இழுத்ததே, இதனாலதான்.

"அப்போ தரம் பார்க்கிறதையே தூக்கிடலாமா பாஸ்?" அவசரப்படாதீங்க. வாசல்ல பார்க்கிற முதல் சோதனையைத் தொடவே கூடாது. ஏன்னா ஷீட் அடிச்ச ஆள் அங்கேயே நிக்கிறார். "நடுவுல வெள்ளையா இருக்கு, இன்னும் ஒரு நாள் புகையில போடணும்"னு சொன்னா அடுத்த தடவை திருத்திக்குவார். அதே ஈரத்தை மூணு வாரம் கழிச்சு லாரி வாசல்ல கண்டுபிடிச்சா யாரைப் போய்க் கேட்கிறது? அதுக்குள்ள அந்த ஒரு ஈர ஷீட் பக்கத்து ஷீட்டுகளுக்கும் பூசணத்தைப் பரப்பியிருக்கும்.

முடிச்சு எங்கே இருக்கு?

இப்போ அண்ணாச்சிகிட்ட போய் "மூணாவது சோதனை வேஸ்ட், நிறுத்துங்க"ன்னு சொல்லிப் பாருங்க. சிரிப்பார். "மக்கா, பார்க்காம ஏத்திவிட்டு, பூசணம்னு சொல்லி அவன் லோடைத் திருப்பி அனுப்பினா நீயா காசு தருவா?" நியாயமான கேள்விதான்! ஸோ, 'ஏன்'னு கேட்டுக்கிட்டே போகணும்.

லாரி ஏன் நிக்குது? சரக்கை மறுபடி சோதிக்கிறாங்க. ஏன் சோதிக்கணும்? பூசணம் பிடிச்சிருக்கலாம். ஏன் பூசணம்? மழைக் காலத்துல நாள் கணக்கா அடுக்குல கிடந்தது. எத்தனை நாள்? இதுக்கு ஒரு சிம்பிள் கணக்கு இருக்கு. ஸ்டாக் 15 டன், வாரம் வெளியே போறது 5 டன். 15ஐ 5ஆல வகுத்தா 3. சராசரியா ஒரு ஷீட் 3 வாரம் உள்ளே கிடக்குது. அதுவும் சராசரிதான். புதுசா வந்ததை மேலே அடுக்கி, மேலே இருக்கிறதையே முதல்ல எடுத்தா, அடியில இருக்கிறது மாசக்கணக்கா அங்கேயே கிடக்கும்.

தராசு ஏன் மறு கோடியில இருக்கு? வாசல் பக்கம் பூரா ஸ்டாக் அடைச்சிருக்கு, தராசுக்கு இடமில்ல. அதே பதில்! மூணு வேஸ்டும் ஒரே முடிச்சுல போய் நிக்குது. அதிக ஸ்டாக்.

அப்போ அண்ணாச்சி ஏன் ஸ்டாக் வெச்சிருக்கார்? விலை ஏறும்னுதான். கோட்டயம் விலை தினம் பார்த்து, "இன்னும் ரெண்டு ரூபாய் ஏறட்டும்"னு காத்திருக்கார். இது குடோன் வேலை இல்ல, சூதாட்டம். 2011ல கிலோ 240 ரூபாய் அளவுக்குப் போன ரப்பர், 2016 தொடக்கத்துல 100 ரூபாய்க்கும் கீழே விழுந்துச்சு. ஏறும்போது பிடிச்சு வெச்சவருக்கு லாபம், இறங்கும்போது பிடிச்சு வெச்சவருக்குத் துண்டு. அது அவரோட உரிமை, ஓகே. ஆனா அந்த ஆட்டத்துக்கு எவ்வளவு கட்டுறார்னு தெரிஞ்சுக்கிட்டு ஆடணும் இல்லையா? கிலோ 200 ரூபாய்னு வெச்சா 15 டன்னுக்கு 30 லட்சம். நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டின்னா மாசம் 30,000. அதோட பூசணம், நடை, லாரி வெயிட்டிங்.

மாத்தி அடுக்கிப் பார்ப்போம்

ஸ்டாக்கை 15 டன்னுல இருந்து 7 டன்னுக்குக் கொண்டு வர்றோம். பாதி தரை காலி. தராசு வாசலுக்கு வருது, பக்கத்துலயே பெஞ்சும் வெளிச்சமும். ஒரே இடத்துல எடை, தரம், கம்ப்யூட்டர்ல ஒரே பதிவு. அன்னைக்கு வந்த ஷீட்டை அன்னைக்கு சாயங்காலமே கட்டாக்கி, சாக்பீஸால தேதி போட்டு, ஒரு பக்கமா உள்ளே தள்ளி மறுபக்கமா எடுக்கிறோம். பழசு முதல்ல வெளியே போகும். லாரிக்கு 10 மணி, லோடுமேனுக்கும் 10 மணின்னு முன்னாடியே சொல்லியாச்சு. லாரி வந்ததும் பத்துக் கட்டை மட்டும் பிரிச்சு சாம்பிள் பார்க்கிறோம், 10 நிமிஷம். ஏத்த 70 நிமிஷம். பில் ஏற்கெனவே ரெடி, சரிபார்க்க 10 நிமிஷம். மொத்தம் 90 நிமிஷம். 270 எங்கே, 90 எங்கே!

ஆனா ஒண்ணு. எல்லா ஸ்டாக்கையும் துடைச்சு எடுத்துடக் கூடாது. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவ மழையும் உண்டு. நல்ல மழையில பால் வெட்ட முடியாது. பிப்ரவரி, மார்ச்ல இலை உதிர்ந்து பால் குறையும். அப்பவும் லாரிக்குச் சரக்கு வேணும். அந்த ரெண்டு டன் உபரி வேஸ்ட் இல்ல, குடை. டொயோட்டாவே இந்தப் பாடத்தைப் படிச்சது. 2011 பூகம்பத்துக்குப் பிறகு, சில மாசத்துக்குத் தேவையான சிப்புகளைக் கையில வெச்சுக்கச் சொல்லி தன் சப்ளையர்களைக் கேட்டுக்கிட்டது. 2021ல உலகம் பூரா சிப் தட்டுப்பாடு வந்தப்போ, முதல் சில மாசம் மத்த கம்பெனிகளைவிட அது தாக்குப் பிடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

திண்ணையில உட்கார்ந்த ஆள் கேட்கிற கேள்வி

கடைசியா, லோடுமேன் அண்ணன் ஒரு கேள்வி கேட்பார். "எல்லாம் சரி தம்பி, நடையைக் குறைச்சா ஆளையும் குறைச்சிடுவாங்களே?" இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாம நோட்டும் வாட்ச்சுமா உள்ளே போனா, உங்களுக்கு யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க. வாட்ச்சைப் பார்த்ததும் மெதுவா வேலை செய்வாங்க, அது நியாயமும்கூட.

டொயோட்டாவுக்கும் இது சும்மா வரலை. 1950ல கம்பெனி திவாலாகுற நிலைமைக்குப் போய், ஆட்குறைப்பு, பெரிய ஸ்டிரைக்னு போச்சு. கம்பெனியை ஆரம்பிச்ச கீச்சிரோ டொயோடாவே தலைவர் பதவியில இருந்து விலக வேண்டி வந்தது. அதுக்குப் பிறகுதான் நிரந்தரத் தொழிலாளிகளை வேலையை விட்டு அனுப்ப மாட்டோம்ங்கிற நம்பிக்கை மேல அந்த முறை வளர்ந்தது. எங்கே வேஸ்ட் இருக்குன்னு அந்த வேலை செய்றவருக்குத்தான் தெரியும். சொன்னா தன் சோறு போகும்னு பயந்தா அவர் ஏன் சொல்லணும்?

நம்ம குடோன்ல அந்தப் பதில் ரொம்பப் பக்கத்துல இருக்கு. கட்டுக் கூலி அதேதான், கட்டும் அதே 100தான். 270 நிமிஷத்துக்குப் பதிலா 90 நிமிஷத்துல வேலை முடிஞ்சா, மதியத்துக்கு முன்னாடியே அவர் இன்னொரு லோடுக்குப் போகலாம். மிச்சமான நேரம் யாருக்குப் போய்ச் சேருதுன்னு முதல்லயே பேசி முடிச்சுட்டு அப்புறம் தராசை நகர்த்துங்க.

இந்த லீவுல மாமா குடோனோ, ஃப்ரெண்டோட அப்பா கடையோ, எங்கேயாவது ஒரு மூலையில ஒரு மணி நேரம் நின்னு பாருங்க. ஓடுற ஆளைப் பார்க்காதீங்க, ஏமாந்துடுவீங்க. ஒரே ஒரு ஷீட்டை மட்டும் கண்ணால பின்தொடருங்க. எத்தனை தடவை தூக்கினாங்க, எத்தனை தடவை வெச்சாங்க, எவ்வளவு நேரம் சும்மா கிடந்ததுன்னு மட்டும் எழுதுங்க. அடுத்த தடவை பஸ் ஜன்னல் வழியா அந்த லாரியைப் பார்க்கும்போது, அது ஏன் நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும் மக்கா!